கியர் பாடம் ஒரே தாளில்

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்கு கியர் வடிவமைப்பு வகுப்பு வகுப்பறையில் நன்றாகவே புரிகிறது. ஆசிரியர் கியர் வகைகளில் தொடங்குவார். பல்லின் பக்கம் ஏன் இன்வல்யூட் என்ற வளைவில் இருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்குவார். பிறகு பல்லின் பாகங்களுக்குப் பெயர், பற்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சிக்கல், லூயிஸ் சமன்பாடு, வேகக் காரணி, பக்கிங்ஹாமின் அதிர்வுச் சுமை, கடைசியில் தேய்மானம். நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பதினைந்து பக்கம் நிறைந்துவிடும். அடுத்த வாரம் கரும்பலகையில் ஒரு கணக்கு வரும்: மோட்டார் 7.5 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று. இயந்திரம் 360 சுற்றில் ஓட வேண்டும். நேர்ப்பல் கியர் ஜோடி ஒன்றை வடிவமைக்கவும். பாடம் புரிந்த பிள்ளையும் அங்கே தயங்குகிறது. முதலில் எதைக் கண்டுபிடிப்பது?

வகுப்பு, புரிய வைப்பதற்கான வரிசையில் நடக்கிறது. வடிவமைப்பவர் முடிவெடுக்கும் வரிசை வேறு. பாடத்தின் நடுவே ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன "மாட்யூலை மேலே உள்ள தரமான எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரி, செய்முறையில் ஒரு முழுப் படியாகிவிடுகிறது. அரை மணி நேரம் விளக்கிய இன்வல்யூட் வடிவமோ "பற்கள் 18க்குக் குறையக்கூடாது" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. வகுப்புக் குறிப்பைப் படி வாரியான தேர்வுத் தாளாக, அதாவது ஃப்ளோ ஷீட்டாக மாற்றுவது இந்த இரண்டாவது வரிசையைக் கண்டுபிடிக்கும் வேலை. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டு அந்தத் தாளைக் கட்டிப் பார்க்கலாம்.

குறிப்பை மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது காரணம் சொல்கிறதா, முடிவு கேட்கிறதா, மதிப்பு தருகிறதா? காரணம் சொல்லும் வரிகள் நோட்டிலேயே இருக்கட்டும். மற்ற இரண்டும் தாளுக்கு வரும். தாளில் போடும் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். சூத்திரம், அதன் அலகு, மதிப்பு எந்த அட்டவணையிலிருந்து வருகிறது என்பது, விடை சரிவராவிட்டால் எந்தக் கட்டத்துக்குத் திரும்புவது என்பது. கடைசியாகச் சொன்னது வகுப்பில் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. தாளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதல் கட்டம் பற்களின் எண்ணிக்கை. இரண்டு சக்கரங்களில் சிறியது பினியன். அதன் பற்கள் மிகக் குறைந்தால், பெரிய சக்கரத்தின் பல்நுனி பினியன் பல்லின் அடிப்பகுதியை அரித்து எடுக்கும். இதைத் தவிர்க்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை, பற்கள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தக் கோணத்தைப் பொறுத்தது:

```
z = 2 / sin²φ
φ = 20°   →  17.1
φ = 14.5° →  31.9
```

இன்று வழக்கத்தில் உள்ள கோணம் 20 பாகை. எனவே 18 பற்கள் இருந்தால் கவலையில்லை. நம் கணக்கில் பினியனுக்கு 20 வைத்துக்கொள்வோம். வேகம் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பதால் பெரிய சக்கரத்துக்கு 80. இயந்திரத்துக்கு வேக விகிதம் துல்லியமாக 4 ஆக இருக்க வேண்டிய அவசியம் இல்லையென்றால் 81 பற்கள் வைப்பது இன்னும் நல்லது. 80 என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே நான்கு பற்களையே சந்திக்கும். ஒரு பல்லில் உள்ள குறை அந்த நான்கையும் விடாமல் தேய்க்கும். 81 என்றால் ஒவ்வொரு பல்லும் மறுபக்கத்தின் எல்லாப் பற்களையும் சுற்றி வரும், தேய்மானம் பரவலாகும். கணக்கு எளிதாக இருக்க இங்கே 80 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கட்டத்தில்தான் லூயிஸ் வருகிறார். வில்ஃபிரட் லூயிஸ் 1892இல் ஃபிலடெல்ஃபியா பொறியாளர் சங்கத்தில் தன் சமன்பாட்டை முன்வைத்தார். வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு போல ஒரு பல்லை அவர் பார்த்தார். நுனியில் சுமை விழுந்தால் விரிசல் சுவரோடு சேரும் இடத்தில்தான் தொடங்கும். பல்லுக்கும் அதே கதி. அந்த அடிப்பகுதி எவ்வளவு தாங்கும் என்பது இது:

```
Sb = m × b × σb × Y
σb = Sut / 3      b = 10 m
```

m என்பது மாட்யூல், சக்கரத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மில்லிமீட்டர் அளவு. மாட்யூல் பெரிதானால் பல்லும் பெரிது. b பல்லின் அகலம். மாட்யூலைப் போல் 8 முதல் 12 மடங்கு வரை வைப்பார்கள், நடுவில் 10 பிடித்துக்கொள்வது வழக்கம். Sut உலோகத்தின் இழுவிசை வலிமை. Y பல்லின் வடிவத்துக்கான எண். பற்கள் கூடக்கூட இதுவும் கூடும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சக்கரத்தை வைத்துக் கணக்குப் போடுவது என்பது. σb-ஐயும் Y-ஐயும் பெருக்கிப் பார்த்து, எதற்குக் குறைவாக வருகிறதோ அதுவே பலவீனமானது. இரண்டும் ஒரே உலோகம் என்றால் பற்கள் குறைந்த பினியன்தான் பலவீனம். ஆனால் செலவைக் குறைக்கப் பெரிய சக்கரத்தை 260 மெகாபாஸ்கல் வார்ப்பிரும்பில் செய்தால் நிலைமை தலைகீழாகிவிடும். வார்ப்பிரும்பின் பல்தான் முதலில் போகும். "பினியன்தான் எப்போதும் பலவீனம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தவறான சக்கரத்துக்குக் கணக்குப் போட்டுவிடுவார்கள். நாம் இரண்டையும் 600 மெகாபாஸ்கல் வலிமையுள்ள சி45 எஃகில் செய்வோம். அப்போது σb 200, பினியனே பலவீனம்.

Y-க்கு அட்டவணையைத் திறந்தால் 20 பல்லுக்கு 0.32 என்று இருக்கும். இந்த எழுத்தைப் பற்றித் தாளில் பெரிதாக ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்வேன். சில நூல்களில் சிறிய y என்று வரும் எண், இந்த Y-ஐப் பையால் வகுத்தது. y = 0.154 − 0.912/z என்ற தோராயச் சூத்திரம் அந்தச் சிறிய y-ஐத் தருகிறது. அதைப் பையால் பெருக்கினால் 0.34 வரும், அட்டவணையை விடச் சற்றுக் கூடுதல். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எல்லார் கையிலும் இருக்கும் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கில் அதே 20 பல்லுக்கு y 0.389 என்று போட்டிருக்கும். அது வேறு ஒரு சூத்திரத்தோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய எண். ஓர் எண்ணை ஒரு புத்தகத்திலும் சூத்திரத்தை இன்னொரு புத்தகத்திலும் எடுத்தால் விடை இருபது சதவீதம் தவறும், பார்வைக்குத் தெரியவும் தெரியாது. சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே அட்டவணையின் பெயரையும் பக்கத்தையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்து சுமை. 7.5 கிலோவாட்டை 1440 சுற்றில் தரும் மோட்டாரின் முறுக்கு விசை 49,740 நியூட்டன் மில்லிமீட்டர். அதை இரண்டால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் பல்லைத் தள்ளும் விசை Pt கிடைக்கும். விட்டம் 20m என்பதால் Pt = 4974/m நியூட்டன். இயந்திரம் சீராக ஓடாமல் நடுத்தர அதிர்ச்சியோடு ஓடுகிறது என்று கொண்டு அதை 1.5 ஆல் பெருக்குகிறோம். Cs என்ற காரணி அது. பிறகு வேகம். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது பற்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதும் விசை கூடுகிறது. கார்ல் பார்த் வழியில் வந்த எளிய திருத்தம் இது:

```
v = π d n / 60000
Cv = 6 / (6 + v)          ஹாபிங்கில் வெட்டிய பல்
Peff = Cs × Pt / Cv
```

இங்கேதான் முதல் முட்டுச்சந்து. வேகம் தெரிய விட்டம் வேண்டும், விட்டத்துக்கு மாட்யூல் வேண்டும், மாட்யூலைக் கண்டுபிடிக்க வேகம் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் "வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்" என்பார். ஏன் 5 என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். தாளில் அந்த 5க்குப் பக்கத்தில் "மாட்யூல் முடிவானதும் உண்மையான வேகத்தை வைத்துத் திரும்பப் போடு" என்று அம்புக்குறி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தற்காலிக எண் நிரந்தரமாகிவிடும்.

பாதுகாப்புக் காரணி 1.5 என்று வைத்து, பல்லின் வலிமையையும் சுமையையும் சமன்படுத்தினால் மாட்யூல் 3.18 என்று வருகிறது. 3.18 மாட்யூலில் பல் வெட்டும் ஹாப் எந்தப் பட்டறையிலும் இருக்காது. ஹாப்கள் தரப்படுத்தப்பட்ட வரிசையில்தான் விற்கப்படுகின்றன: 1, 1.25, 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 என்பது முதல் விருப்ப வரிசை. இடையே 3.5, 4.5 போன்றவை இரண்டாம் விருப்பம். கிடைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் கையில் இருக்காது. எனவே 3.18க்கு மேல் 4. உண்மையான வேகம் 6.03 மீட்டர். திரும்பக் கணக்கிட்டால் சுமை 3739 நியூட்டன், பல்லின் வலிமை 10,240 நியூட்டன். பாதுகாப்பு 2.7 மடங்கு.

இந்த இடத்தில் ஒரு சரிபார்ப்பை அவசியம் சேர்க்க வேண்டும். Pt-ஐயும் v-ஐயும் பெருக்கினால் திரும்ப மோட்டாரின் திறன் வர வேண்டும். 1243 × 6.03 = 7495 வாட். சரி. நிமிடத்தை நொடியாக்க மறந்தாலோ ஆரத்தை விட்டமாக எடுத்தாலோ இங்கேயே பிடிபட்டுவிடும்.

பல பிள்ளைகள் மாட்யூல் 4 என்று எழுதிக் கோடு போட்டு முடித்துவிடும் இடமும் இதுதான். 2.7 மடங்கு பாதுகாப்பு என்றால் போதாதா? பார்த்தின் வேகக் காரணி பல் எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டது என்பதைச் சரியாகக் கேட்பதில்லை. "ஹாபிங்" என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடுகிறது. உண்மையில் எந்தப் பல்லும் இன்வல்யூட் வளைவில் அப்படியே இருப்பதில்லை. சில மைக்ரான் பிழை இருக்கும். அந்தப் பிழையால் சக்கரம் ஒரு கணம் வேகம் கூடி, மறு கணம் குறைகிறது. அப்போது உண்டாகும் கூடுதல் விசையை எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த எர்ல் பக்கிங்ஹாம் கணக்கில் கொண்டுவந்தார்:

```
Pd = 21v (C e b + Pt) / (21v + √(C e b + Pt))
Peff = Cs × Pt + Pd
```

e இரண்டு பற்களிலும் சேர்ந்த பிழை, மில்லிமீட்டரில். C இரண்டு சக்கரமும் எஃகு, 20 பாகை என்றால் 11,400. பிழை, வெட்டும் தரத்தைப் பொறுத்தது. கிரேடு 8 என்பது சாதாரண ஹாபிங்கில் கிடைப்பது. நம் மாட்யூல் 4 ஜோடிக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 50 மைக்ரான். கிரேடு 6க்கு வெட்டிய பிறகு ஷேவிங்கோ கிரைண்டிங்கோ வேண்டும். பிழை சுமார் 25 மைக்ரான். செலவும் கூடும்.

கிரேடு 8 பிழையை வைத்துச் சூத்திரத்தில் போட்டால் மொத்தச் சுமை 12,730 நியூட்டன் வருகிறது. சற்று முன் 3739 என்று நினைத்த அதே சுமை! பல்லின் வலிமை 10,240தான். பாதுகாப்பு 0.80, கணக்குப்படி பல் உடையும்.

எங்கே திரும்புவது? பெரும்பாலான குறிப்புகளில் ஒரே விடை இருக்கும்: மாட்யூலை ஏற்று. ஏற்றிப் பார்ப்போம். மாட்யூல் 5, கிரேடு 8. பல்லின் வலிமை 16,000க்கு உயர்ந்துவிட்டது. ஆனால் சுமையும் 16,400க்கு ஏறிவிட்டது. பாதுகாப்பு 0.97. பல் பெரிதானதும் அகலம் கூடியது, விட்டம் கூடியதால் வேகமும் கூடியது, வெட்டும் பிழையும் சற்றுக் கூடியது. மூன்றும் சேர்ந்து அதிர்வுச் சுமையை மேலே தள்ளிவிட்டன. மாட்யூலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கியர் கனத்துக்கொண்டே போகும், பயன் மெதுவாகத்தான் வரும்.

இப்போது மாட்யூலைப் பழையபடி 4இலேயே வைத்து, கிரேடை 8இலிருந்து 6க்கு மாற்றுவோம். வலிமை அதே 10,240. சுமை 8610க்கு இறங்குகிறது. பாதுகாப்பு 1.19. ஒரு கிராம் இரும்பு கூடச் சேர்க்காமல் கிடைத்த முன்னேற்றம், மாட்யூலை ஏற்றியதை விடப் பெரிது. இன்னும் 1.5 வரவில்லை என்பதால் இரண்டையும் சேர்க்கிறோம்: மாட்யூல் 5, கிரேடு 6. சுமை 10,560, வலிமை 16,000, பாதுகாப்பு 1.52. ஆக, தாளில் இந்தக் கட்டத்திலிருந்து வெளியேறும் முதல் அம்பு கிரேடுக்குப் போக வேண்டும், இரண்டாவது அம்பு மாட்யூலுக்கு. இதே கணக்கை நான்கு விதமாகப் போட்டுப் பார்க்காத வரை இந்த வரிசை யாருக்கும் பிடிபடாது.

ஒரு நியாயமான சந்தேகம் எழும். பார்த் சொன்னதும் பக்கிங்ஹாம் சொன்னதும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறதே, எது உண்மை? பக்கிங்ஹாமின் கணக்கு எச்சரிக்கையின் பக்கம் சாய்வது என்பது துறையில் பலரும் ஒப்புக்கொள்வது. தொழிற்சாலைகளில் ஐஎஸ்ஓ 6336 போன்ற விரிவான தரநிலைகளைப் பின்பற்றுகிறார்கள். அவை அதிர்வை வேறு விதமாகக் கையாள்கின்றன. எனவே இந்தத் தாளில் பார்த்தின் காரணி முதல் மதிப்பீட்டுக்கு, பக்கிங்ஹாம் இறுதிச் சோதனைக்கு என்று இடம் பிரித்துக் கொடுப்பதே சரி. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போட்டுவிடக் கூடாது. வேகத்தின் விளைவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

பல் உடையாது என்பது உறுதியானது. தேய்மானம் பாக்கி. உடைந்த கியரையும் தேய்ந்த கியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். வளைவு விசையால் போன பல்லில் விரிசல் அடிப்பகுதியின் வளைவில், சுமை விழும் பக்கத்தில் தொடங்கி, பல்லையே பெயர்த்து எடுத்திருக்கும். தேய்மானத்தால் போனதில் பல் முழுசாக இருக்கும். ஆனால் பல்லின் நடுப்பகுதியில், பிட்ச் கோட்டை ஒட்டி, சற்றுக் கீழே, ஊசியால் குத்தியது போல் சிறு குழிகள் விழுந்திருக்கும். நாளாக ஆக அவை பரவி, ஓட்டத்தில் இரைச்சல் கூடும். எந்தச் சோதனையில் கியர் தோற்றது என்பதை இப்படிப் பல்லைப் பார்த்தே சொல்லலாம். இரண்டாவது வகைக்கான சூத்திரமும் பக்கிங்ஹாமுடையது:

```
Sw = b × Q × d × K
Q = 2 zg / (zg + zp)
K = 0.16 (BHN / 100)²
```

Q நம் ஜோடிக்கு 1.6. BHN பிரினெல் கடினத்தன்மை எண். சி45 எஃகைச் சிறப்புப் பதனம் எதுவும் செய்யாமல் எடுத்தால் சுமார் 200. அதன்படி மாட்யூல் 5 ஜோடியின் தேய்மான வலிமை 5120 நியூட்டன். சுமை 10,560. பாதிகூட இல்லை.

இங்கே அம்பு மாட்யூலுக்குப் போகக் கூடாது. சூத்திரத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும்: கடினத்தன்மை வர்க்கமாக வருகிறது. 200ஐ 300 ஆக்கினால் வலிமை 2.25 மடங்கு. அளவில் எதையும் மாற்றாமல், சூட்டுப் பதனத்திலேயே கிடைப்பது. நமக்கு 1.5 பாதுகாப்பு வேண்டுமென்றால் K 1.98 ஆக வேண்டும். கணக்குப்படி 352 பிரினெல். 360 என்று வரைபடத்தில் எழுதலாம். அப்போது வலிமை 16,590 நியூட்டன், பாதுகாப்பு 1.57.

360 என்று எழுதுவது எளிது. சாதாரண சி45இல் இந்தப் பருமனில் உள்வரை 360 கொண்டுவருவது கஷ்டம். ஒன்று, பல்லின் மேற்பரப்பை மட்டும் இண்டக்ஷன் ஹார்டனிங் செய்ய வேண்டும். அல்லது இஎன்24 போன்ற நிக்கல் குரோமியம் மாலிப்டினம் எஃகுக்கு மாற வேண்டும். உலோகத்தை மாற்றினால் அம்பு தாளின் உச்சிக்கே போகிறது, ஏனென்றால் σb மாறிவிட்டது. இந்தத் திரும்பும் அம்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இஎன்24இன் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டு 1000 மெகாபாஸ்கல் என்று வைத்தாலும் மாட்யூல் 4 கிரேடு 6 ஜோடி உடைவதற்கு எதிராக 1.98 பாதுகாப்போடு நிற்கிறது. அப்படியானால் சின்ன கியரே போதுமா? தேய்மானத்தைப் போட்டால் 1.23தான் வருகிறது. ஆகவே மாட்யூல் 5 நிலைக்கிறது. ஆனால் காரணம் மாறிவிட்டது. முதல் சுற்றில் உடைவதைத் தவிர்க்க 5 தேவைப்பட்டது. இப்போது தேய்வதைத் தவிர்க்கத் தேவைப்படுகிறது. நாளை யாராவது இந்த கியரை மேம்படுத்தக் கேட்டால், எந்தச் சோதனை கட்டுப்படுத்துகிறது என்று தாளில் எழுதியிருப்பது அவருக்கு மிகப் பெரிய உதவி.

மிச்சமிருப்பது அளவுகள், அவை தாமாகவே வரும். பினியன் பிட்ச் விட்டம் 100 மி.மீ., பெரிய சக்கரம் 400, மையங்களுக்கு இடையே 250, பல்லின் அகலம் 50. பிட்ச் வட்டத்துக்கு மேலே பல் ஒரு மாட்யூல், கீழே 1.25 மாட்யூல் என்பதால் வெளி விட்டங்கள் 110, 410. பினியனின் அடி விட்டம் 87.5. 7.5 கிலோவாட் நான்கு துருவ மோட்டாரின் தண்டு வழக்கமாக 38 மி.மீ.; அதற்கும் சாவிக் குழிக்கும் இடம் விட்ட பிறகும் பல்லின் அடியில் 20 மி.மீ.க்கு மேல் உலோகம் மிஞ்சுகிறது. பற்கள் மிகக் குறைவான சிறு பினியன்களில் இந்தச் சோதனை தோற்றுப்போகும். சாவிக் குழியின் மூலையிலிருந்தே சக்கரம் பிளக்கும்.

எல்லாம் சேர்ந்து தாள் இப்படி அமைகிறது:

```
1. zp ≥ 18 (20°); zg = i × zp
2. உலோகம் → σb = Sut/3; σb×Y குறைந்த சக்கரம் எது?
3. v = 5 m/s என்று கொள் → Cv
4. m கணக்கிடு → அடுத்த தர மாட்யூல்
5. உண்மையான v; சோதனை: Pt × v = P
6. கிரேடு → e → Pd → Peff = Cs Pt + Pd
7. Sb / Peff ≥ 1.5 ?  இல்லை → 6 (கிரேடு), பிறகு 4 (m)
8. Sw / Peff ≥ 1.5 ?  இல்லை → BHN கூட்டு
   உலோகம் மாறினால் → 2
9. அளவுகள்; அடி விட்டம், தண்டு சோதனை
10. கட்டுப்படுத்துவது எது: உடைவா, தேய்வா?
```

பி.எஸ்.ஜி. டேட்டா புக்கில் வேறொரு பாதை இருக்கிறது. பரீட்சையில் பல கணக்குகள் அதையே கேட்கும். அது தேய்மானத்தில் தொடங்குகிறது. பரப்பு அழுத்தத்திலிருந்து மைய தூரத்தையும், பிறகு மாட்யூலையும் தருகிறது:

```
a ≥ (i + 1) ∛[ (0.74/[σc])² × E [Mt] / (i ψ) ]
m ≥ 1.26 ∛( [Mt] / (y [σb] ψm z) )
```

இதில் அதிர்ச்சி, வேகம் இரண்டுக்குமான காரணிகள் [Mt]-க்குள்ளேயே சேர்ந்துவிடுகின்றன; தொடக்கத்தில் அவற்றை 1.3 என்று எடுத்து, பிறகு உண்மையான மதிப்பால் திருத்துவார்கள். நல்ல முறைதான், ஆனால் அதற்குத் தனித் தாள் வேண்டும். இரண்டு பாதைகளையும் ஒரே தாளில் கலந்தால் அங்கே Cs, இங்கே 1.3 என்று ஒரே விளைவு இரண்டு முறை எண்ணப்படும். அந்தப் புத்தகத்தின் பழைய பதிப்புகளில் எண்கள் கிலோகிராம் விசை, சதுர சென்டிமீட்டர் அலகில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். எஃகின் E அங்கே 2.15 × 10⁶. மெகாபாஸ்கலில் அது 2.15 × 10⁵. ஒரு பத்து மடங்கு தவறினால் கியர் இருமடங்குக்கு மேல் பெருத்துவிடும் அல்லது அதே அளவுக்குச் சிறுத்துவிடும்.

தாளை எழுதி முடித்ததும் அதை நம்புவதற்கு முன், விடை தெரிந்த ஒரு பாடநூல் கணக்கை எடுத்து அம்புகளை மட்டும் பின்பற்றிப் போட்டுப் பாருங்கள். நோட்டைத் திறக்காமல் விடை வந்தால் தாள் முழுமையானது. எந்தக் கட்டத்தில் நோட்டைத் திறக்க வேண்டியிருந்ததோ, அங்கே ஒரு முடிவோ ஒரு மதிப்போ விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு இன்னொரு கணக்கைப் போடுங்கள்.